சின்ன பாக்கெட்டா, பெரிய பாக்கெட்டா: அலகு விலையும் மிச்சமாகும் சதவீதமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் ஒரே உதாரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு சலவைத்தூள்: 400 கிராம் பாக்கெட் விலை 80, ஒரு கிலோ பாக்கெட் விலை 170. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது என்பதால் எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

அலகு விலை என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையை அளவால் வகுத்தால் கிடைப்பதுதான். கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 0.20, 0.17 என்று புள்ளிக்குப் பின்னால் போய்விடும், மனதில் நிற்காது. அதனால் 100 கிராமுக்கு என்று வைத்துக்கொள்வது வசதி. சின்ன பாக்கெட்டில் நான்கு நூறு கிராம் இருக்கிறது, 80 ÷ 4 = 20. பெரியதில் பத்து நூறு கிராம், 170 ÷ 10 = 17. ஆக, 100 கிராமுக்கு 20, 17. பெரியது மலிவு.

இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரே அலகைப் பிடித்துக்கொண்டால் போதும். அது 100 கிராமா, கிலோவா, கிராமா என்பது உங்கள் வசதி. சதவீதம் எதிலும் மாறாது.

சரி, 20-க்கும் 17-க்கும் வித்தியாசம் 3. இதைச் சதவீதமாகச் சொல்ல 20-ஆல் வகுப்பதா, 17-ஆல் வகுப்பதா?

"எவ்வளவு மிச்சம்?" என்பது கேள்வியானால் 20-ஆல். 3 ÷ 20 = 0.15, அதாவது 15 சதவீதம்.

காரணம் இதுதான். மிச்சம் என்பது நீங்கள் கொடுக்காமல் தப்பித்த பணம். எதைக் கொடுக்காமல் தப்பித்தீர்கள்? கூடுதலான விலையை. ஆகவே அந்தக் கூடுதல் விலைதான் நூறு என்று வைத்துக்கொள்ள வேண்டியது. மலிவான விலையை அடியில் போட்டால் 3 ÷ 17 = 17.65 சதவீதம் வரும். அந்த எண் பொய் இல்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில்: "பெரியதைவிடச் சின்னது எத்தனை சதவீதம் விலை கூடுதல்?"

நம்பிக்கை வரவில்லையென்றால் மொத்தமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவைச் சின்ன பாக்கெட் விலையில் வாங்கினால் 200 ஆகும். பெரிய பாக்கெட்டில் 170. கையில் நின்றது 30. இருநூறு போயிருக்க வேண்டிய இடத்தில் முப்பது மிச்சம், 15 சதவீதம். 17.65 சதவீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால் 200-இல் 35.30 மிச்சமாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே.

அப்படியானால் அந்த 17.65-க்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. 170-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். சின்ன பாக்கெட் விலையில் அதற்கு 850 கிராம்தான் கிடைக்கும். பெரிய பாக்கெட்டில் 1000 கிராம். கூடுதலாக வந்தது 150 கிராம், 850-இல் அது 17.65 சதவீதம்.

ஆக, "அதே பொருளுக்கு எவ்வளவு பணம் குறைந்தது" என்றால் 15. "அதே பணத்துக்கு எவ்வளவு பொருள் கூடியது" என்றால் 17.65. இரண்டும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்கள். விளம்பரத்தில் பெரிய எண்தான் அழகாக இருக்கும், அதனால் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. 17.65 இன்னொரு இடத்திலும் வருகிறது. பாக்கெட் வீட்டுக்கு வந்தபிறகு நடப்பதைப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

நான் தலைகீழாக அளவை விலையால் வகுத்துவிட்டேன். 400 ÷ 80 = 5, 1000 ÷ 170 = 5.88. பெரியதுதான் கூடுதலாக வருகிறது. அப்போது சின்னது மலிவா?

இல்லை. நீங்கள் கண்டுபிடித்தது அலகு விலை அல்ல, ஒரு காசுக்கு எத்தனை கிராம் என்பது. அதில் கூடுதலாக வருவதுதான் நல்லது. எண் சரி, வாசித்த விதம்தான் தவறு.

இதில் ஆள் தடுமாறுவது பெரும்பாலும் ஒன்றை ஒரு விதமாகவும் மற்றதை இன்னொரு விதமாகவும் வகுக்கும்போது. கால்குலேட்டரில் ஒன்று 5 என்றும் இன்னொன்று 0.17 என்றும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரே பொருளின் இரண்டு பாக்கெட்டுகளுக்கு அலகு விலை அவ்வளவு தூரம் விலகாது.

கடையில் நின்றுகொண்டு வகுத்துக்கொண்டிருக்க முடியாது. மனக்கணக்காக ஏதாவது வழி?

மடங்கு பார்ப்பது. அளவு எத்தனை மடங்கு, விலை எத்தனை மடங்கு? 400-லிருந்து 1000, இரண்டரை மடங்கு. 80-லிருந்து 170, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், துல்லியமாகச் சொன்னால் இரண்டே அரைக்கால். விலையின் மடங்கு அளவின் மடங்கைவிடக் குறைவு, எனவே பெரியது மலிவு. விலையின் மடங்கு கூடுதலாக இருந்தால் சின்னது மலிவு. யார் மலிவு என்பதற்கு இவ்வளவு போதும், அலகு விலையே தேவையில்லை.

சதவீதமும் வேண்டுமென்றால் விலை மடங்கை அளவு மடங்கால் வகுக்க வேண்டும்: 2.125 ÷ 2.5 = 0.85. நூற்றுக்கு 85 கொடுக்கிறீர்கள், 15 மிச்சம். இதில் ஒரு வசதி, எதை அடியில் போடுவது என்ற குழப்பம் வராது. விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் பெரியது மலிவு. ஒன்றுக்கு மேலே போனால் சின்னது மலிவு. அப்போது மட்டும் அளவு மடங்கை மேலேயும் விலை மடங்கைக் கீழேயும் போட்டுத் திருப்பி வகுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கமாகச் செய்வது இன்னும் சோம்பேறித்தனமானது. சின்ன பாக்கெட்டை வைத்துப் பெரிய பாக்கெட்டின் அளவை நிரப்பினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வேன். இரண்டு பாக்கெட் 160, அரை பாக்கெட் 40, மொத்தம் 200. எதிரே 170. முடிந்தது.

விரிதாளில் போட வேண்டுமென்றால்?

முதல் வரிசையில் தலைப்புகள், B-இல் விலை, C-இல் அளவு, இரண்டாம் வரிசையில் ஒரு பாக்கெட், மூன்றாம் வரிசையில் மற்றது என்று வைத்தால்:

```
=1-MIN(B2/C2,B3/C3)/MAX(B2/C2,B3/C3)
```

எது மலிவு என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை. கூடுதல் அலகு விலை தானாகவே அடியில் போய்விடும். கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். C-இல் ஒன்றைக் கிராமிலும் மற்றதைக் கிலோவிலும் போட்டால் 99.9 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஏதோ வரும். அந்த எண்ணைப் பார்த்தால் மகிழ்ச்சியடையாமல் அலகைத் திருத்துங்கள்.

நான் கணக்குப் போட்டால் 25 சதவீதம் வருகிறது, நண்பர் போட்டால் 13 வருகிறது. பொருள் ஒன்றுதான். 350 மி.லி. 129, 900 மி.லி. 289. யார் சரி?

நண்பர். நீங்கள் இடையில் தசமத்தை வெட்டியிருக்கிறீர்கள்.

மி.லி.க்கு என்று பார்த்தால் 129 ÷ 350 = 0.3686, 289 ÷ 900 = 0.3211. இதை ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 0.4, 0.3 ஆகிறது. 0.1 ÷ 0.4 = 25 சதவீதம். இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 0.37, 0.32, அப்போது 13.5. சுருக்காமல் போட்டால் 12.9. சின்ன எண்ணைச் சுருக்கும்போது அதில் பெரிய பங்கு போய்விடுகிறது. அதிலும் நாம் பார்ப்பது இரண்டு சின்ன எண்களின் வித்தியாசம், அது இன்னும் சின்னது, அதனால் பிழை ஊதிப்போகிறது.

இதற்கு மருந்து, பெரிய அலகை எடுத்துக்கொள்வது. 100 மி.லி.க்கு 36.86, 32.11. இதில் ஒரே ஒரு தசமத்துக்குச் சுருக்கினாலும், 36.9, 32.1 என்று போட்டாலும், 13.0 சதவீதம் வரும். கடையில் நின்று முடிவெடுக்க அது தாராளம்.

அடுக்குத் தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அலகு விலை போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் சிறிய எழுத்தைப் பார்த்துவிட்டு. ஒரு சீட்டில் கிலோவுக்கு என்றும் பக்கத்துச் சீட்டில் 100 கிராமுக்கு என்றும் இருப்பது நடக்கிற விஷயம்தான். ஒன்று 170, இன்னொன்று 20 என்று பார்த்ததும் சின்ன பாக்கெட்டைத் தூக்கத் தோன்றும். அப்புறம், தள்ளுபடி அட்டை புதிதாகத் தொங்கும், அலகு விலை பழைய விலைக்கே போட்டிருக்கும். தள்ளுபடி இருக்கும் நாளில் மட்டுமாவது நீங்களே ஒருமுறை மடங்கு பார்த்துவிடுங்கள்.

சின்ன பாக்கெட்டில் "25% கூடுதல், அதே விலை" என்று போட்டிருக்கிறது. பெரியதில் 15 சதவீதம்தானே மிச்சம், அப்போது சின்னது 10 சதவீதம் மேலா?

சின்னது மேல் என்பது சரி, 10 என்பது தவறு. இரண்டு இடத்தில் சறுக்குகிறது.

முதலாவது, 25 சதவீதம் கூடுதல் என்றால் 25 சதவீதம் மலிவு அல்ல. 400 கிராம் 500 ஆகிறது, விலை அதே 80. நூறு கிராமுக்கு 16. பழைய 20-லிருந்து 4 குறைவு, 20 சதவீதம் மலிவு. பொருள் கூடிய சதவீதமும் பணம் குறைந்த சதவீதமும் வேறு என்று முன்னே பார்த்தோமே, அதே கதைதான். 50 சதவீதம் கூடுதல் என்றால் மூன்றில் ஒரு பங்கு மலிவு. இருமடங்கு கொடுத்தால்தான் பாதி விலை.

இரண்டாவது, 20-லிருந்து 15-ஐக் கழிக்கக் கூடாது. அந்த இரண்டு சதவீதங்களும் பழைய சின்ன பாக்கெட்டின் 20 என்ற விலையை வைத்துப் போட்டவை. இன்று அந்த விலையில் எதுவும் தட்டில் இல்லை. இருப்பது 16-ம் 17-ம். கூடுதல் விலை 17, வித்தியாசம் 1, ஆக 5.9 சதவீதம் மிச்சம். இந்த முறை மலிவானது சின்ன பாக்கெட். அடியில் போகவேண்டியது எப்போதும் சின்னதன் விலை என்று மனப்பாடம் செய்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு வாங்கினால் இரண்டாவது பாதி விலை?

இரண்டுக்கும் சேர்த்து 25 சதவீதம். 80 + 40 = 120-க்கு 800 கிராம், நூறுக்கு 15. ஒரு கிலோ பாக்கெட்டின் 17-ஐ இது அடித்துவிடுகிறது. கொஞ்சம் குனிந்து கணக்குப் பார்க்காமல் பெரியதைத் தூக்கினால் நஷ்டம்.

பெரியது மலிவு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எங்கள் வீட்டில் கடைசியில் கொஞ்சம் கட்டிதட்டிப் போய்க் குப்பைக்குத்தான் போகிறது. எவ்வளவு வீணானால் பெரியது நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு விடை அழகாக அமைந்திருக்கிறது. மிச்சமாகும் சதவீதம் எதுவோ, அதுவேதான் வீணாகத் தாங்கும் எல்லை. 15 சதவீதம் மிச்சமென்றால் 15 சதவீதம்வரை வீணாகலாம். புதிதாக ஒரு கணக்கும் போடவேண்டாம்.

பார்த்துவிடுவோம். ஒரு கிலோவில் 150 கிராம் வீணானால் பயன்பட்டது 850. அந்த 850-ஐச் சின்ன பாக்கெட் விலையில் வாங்கியிருந்தால் நூறுக்கு 20 வீதம் 170. பெரிய பாக்கெட்டுக்கும் அதே 170-தான் கொடுத்தீர்கள். சரிக்குச் சரி. 150-க்கு மேல் குப்பைக்குப் போனால் சின்னதே லாபமாக இருந்திருக்கும். நான் மலிவான அலகு விலைக்காகப் பிடிவாதமாகப் பெரியதையே வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அடியில் கல்லாகிப்போனதைத் தராசில் வைத்துப் பார்த்தபோது இருநூறு கிராமைத் தாண்டியது. அன்றோடு அந்தத் தூள் மட்டும் சின்ன பாக்கெட்டுக்கு மாறிவிட்டது.

சின்ன பாக்கெட்டிலும் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், பாக்கெட் மடிப்பில் ஒட்டிக்கொள்வது, திறக்கும்போது சிந்துவது. அதையும் சேர்த்தால் எல்லை சற்றே தளரும். கடையில் வைத்து அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

வீணாகவில்லை, ஆனால் பெரிய பாக்கெட் இருந்தால் கை தாராளமாகிவிடுகிறது. அதற்கும் 15 தானா?

இல்லை, இங்கேதான் அந்த 17.65 திரும்ப வருகிறது. ஒரு சலவைக்குச் சின்ன பாக்கெட்டிலிருந்து 60 கிராம் எடுப்பீர்கள் என்றால் அதன் செலவு 12. பெரிய பாக்கெட்டில் 60 கிராமின் செலவு 10.20. எவ்வளவு கூடுதலாகப் போட்டால் 12-ஐத் தொடும்? 70.6 கிராம். அறுபதுக்கு மேல் 17.65 சதவீதம்.

வீணாவது பாக்கெட்டின் பங்காக அளக்கப்படுகிறது, கூடுதலாகப் போடுவது பழைய அளவின் பங்காக. அதனால்தான் எல்லை வேறாகிறது. நடைமுறையில் பத்து கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டி அளவுக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். பெரிய பாக்கெட் வாங்கியதும் பழைய கரண்டியையே வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். உள்ளே போட்டுத்தரும் பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டால் மிச்சம் தண்ணீரோடு போய்விடும்.

எனக்கு 400 கிராம்தான் உடனே தேவை. 90 கூடக் கொடுத்துப் பெரியதை எடுப்பதா?

கேள்வியை இப்படித் திருப்பியது நல்லது. 400 எப்படியும் வாங்கப்போகிறீர்கள், அதற்கு 80 போய்விட்டது. மீதி 600 கிராமுக்கு 90, நூறுக்கு 15 தான். அந்த 600-ஐ மட்டும் பார்த்தால் 25 சதவீதம் மலிவு.

கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது முழுதும் பயன்பட்டால்தான். அந்த 90-க்குச் சின்ன பாக்கெட் விலையில் 450 கிராம் கிடைத்திருக்கும். எனவே மீதி 600-இல் 450-ஆவது பயன்படுத்துவீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் எடுங்கள். ஊர் மாறப்போகிறீர்கள், இல்லை வேறு பிராண்டுக்கு மாறும் எண்ணம் இருக்கிறது என்றால் சின்னதே போதும். 400-ம் 450-ம் சேர்ந்து 850. வீணாகும் எல்லையில் வந்த அதே எண்தான்.

ஒன்று கிராமில், இன்னொன்று மி.லி.யில் இருந்தால்?

அடர்த்தி தெரியாமல் ஒப்பிட முடியாது. ஒரு மி.லி. ஒரு கிராம் என்பது தண்ணீருக்குப் பொருந்தும், பசைக்கும் கூழுக்கும் பொருந்தாது. இரண்டிலும் எத்தனை முறைக்கு வரும் என்று போட்டிருந்தால் விலையை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். அடர்த்தி கூட்டிய வகையையும் சாதாரண வகையையும் ஒப்பிடவும் இதுதான் வழி. காகிதச் சுருளானால் சுருள் எண்ணிக்கையைப் பார்க்காமல் தாள்களை எண்ணுங்கள். தாளின் அளவும் வேறானால் சதுர மீட்டர்தான் கதி.

சலவைத்தூளில் 15 சதவீதம், இன்னொரு பொருளில் 40 சதவீதம் மிச்சம் பிடித்தேன். சராசரியாக 27.5 என்று சொல்லலாமா?

அந்த இரண்டாவது பொருளுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதைப் பொறுத்தது. தூளில் 200-க்கு 30 மிச்சம். மற்றது 20 ஆகியிருக்க வேண்டிய பொருள் என்றால் அதில் மிச்சம் 8. மொத்தம் 220-இல் 38, அதாவது 17.3 சதவீதம். சதவீதங்களைக் கூட்டிப் பாதியாக்காமல், பணத்தைக் கூட்டிவிட்டு வகுக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் இருந்தால் பெரியதை வாங்குவது?

கெட்டுப்போகாத, தினமும் தீர்கிற பொருளானால் 10-க்கு மேல் இருந்தால் எடுத்துவிடுவேன். 5-க்குக் கீழே என்றால் தொடுவதில்லை, ஏனென்றால் ஒரு கிலோவில் 50 கிராம் சிந்திப்போனால் கணக்கு தீர்ந்தது. இடைப்பட்டதில் பாக்கெட்டை எப்படி மூடலாம் என்று பார்ப்பேன். மேலே அழுத்தி மூடும் பட்டை இருந்தால் பெரியது, கத்திரியால் வெட்டி ரப்பர் பேண்ட் போடவேண்டியதாக இருந்தால் சின்னது.